கர்ப்பத்தில் எத்தனை கிலோ கூடலாம்? உங்கள் எடைப் பாதையை நீங்களே வரையுங்கள்

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் செவிலியர் எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் எழுதுகிறார். அந்த எண் உங்களுக்குப் போதுமா, குறைவா, கூடுதலா என்பது நீங்கள் எந்த எடையில் கர்ப்பமானீர்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 15 கிலோ கூடியது சரியாக இருந்திருக்கலாம். அதே 15 கிலோ உங்களுக்கு அதிகமாக இருக்கலாம்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலை செய்யப்போகிறோம். உங்கள் தொடக்க எடையிலிருந்து, பிரசவம் வரையிலான எடைப் பாதையை ஒரு தாளில் வரைந்து, அதை வாராவாரம் படிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறோம். ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு அளவுகோல், பேனா, எடை பார்க்கும் மெஷின் ஆகியவை போதும்.

## கூடும் எடை எங்கே போகிறது?

சராசரி எடையுள்ள ஒரு பெண்ணுக்குச் சுமார் 12 கிலோ கூடினால், அதில் குழந்தை ஏறக்குறைய 3 கிலோதான். நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெரிதான கருப்பை, மார்பகம், கூடுதலாக ஊறும் ரத்தம், உடலில் தங்கும் நீர் ஆகியவை சேர்ந்து இன்னும் 5, 6 கிலோ வரும். மீதி 3 கிலோ அளவுக்கு வருவது கொழுப்பு. பால் கொடுக்கும் காலத்துக்காக உடல் அதைச் சேர்த்து வைக்கிறது.

ஒல்லியான பெண்ணிடம் இந்தச் சேமிப்பு குறைவு என்பதால் அவருக்கு அதிகம் கூட வேண்டும். ஏற்கெனவே சேமிப்பு உள்ளவருக்குக் குறைவாகக் கூடினால் போதும். கீழே வரும் எண்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு இவ்வளவுதான்.

## படி 1: தொடக்க எடையைக் கண்டுபிடியுங்கள்

தொடக்க எடை என்பது கர்ப்பமாவதற்கு முன் இருந்த எடை. இன்றைய எடை அல்ல. முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் வந்து, அன்றைய எடையை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே தவறிப்போகும்.

1. கர்ப்பத்துக்கு முந்தைய சில மாதங்களில் மருத்துவமனைச் சீட்டு, உடல் பரிசோதனை அறிக்கை எதிலாவது எடை எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.
2. இல்லையென்றால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் எடையை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பெரிதாக எடை கூடியிருக்காது.
3. அதற்குள் வாந்தியால் மெலிந்திருந்தால், மெலிவதற்கு முன் இருந்த எடையை நினைவுபடுத்தி எழுதுங்கள். பக்கத்தில் "நினைவிலிருந்து" என்று குறித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறிப்பு: உயரத்தை அடிக்கணக்கில் உத்தேசமாகச் சொல்லாதீர்கள். வெறுங்காலுடன், குதிகால் சுவரில் பட நின்று, தலைக்கு மேல் ஒரு நோட்டை மட்டமாக வைத்து, சுவரில் கோடு போட்டு, டேப்பால் சென்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். உயரத்தில் 3 செ.மீ. தவறினாலே நீங்கள் அடுத்த பிரிவுக்குப் போய்விடக்கூடும்.

## படி 2: பி.எம்.ஐ. கணக்கிடுங்கள்

உயரத்தை மீட்டராக்கி, அதை அதனாலேயே பெருக்குங்கள். தொடக்க எடையை அந்த விடையால் வகுங்கள். கிடைப்பதுதான் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறை குறியீட்டெண்.

உதாரணமாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரம் 156 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 50 கிலோ. 1.56 × 1.56 = 2.43. 50-ஐ 2.43-ஆல் வகுத்தால் சுமார் 20.6. இவரையே இந்த அத்தியாயம் முழுவதும் பின்தொடர்வோம்.

## படி 3: உங்கள் வரிசையைக் கண்டுபிடியுங்கள்

உலகெங்கும் அதிகம் பயன்படும் பட்டியல், அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009-இல் திருத்தி வெளியிட்டது. ஒரு குழந்தையைச் சுமப்பவருக்கான அளவுகள் இவை:

| தொடக்க பி.எம்.ஐ. | பிரிவு | மொத்தம் கூட வேண்டியது | 13 வாரத்துக்குப் பின், வாரத்துக்குச் சராசரி |
|---|---|---|---|
| 18.5-க்குக் கீழ் | எடை குறைவு | 12.5 – 18 கிலோ | சுமார் 500 கிராம் |
| 18.5 – 24.9 | சரியான எடை | 11.5 – 16 கிலோ | சுமார் 420 கிராம் |
| 25 – 29.9 | எடை அதிகம் | 7 – 11.5 கிலோ | சுமார் 280 கிராம் |
| 30-ம் அதற்கு மேலும் | உடல் பருமன் | 5 – 9 கிலோ | சுமார் 220 கிராம் |

முதல் மூன்று மாதத்தில் எல்லாப் பிரிவினருக்கும் அரைக் கிலோவிலிருந்து 2 கிலோ வரை கூடினால் போதும்.

இரட்டைக் குழந்தை என்றால் இந்த அட்டவணை பொருந்தாது. சரியான எடையில் தொடங்கியவருக்கு 17 – 25 கிலோ, எடை அதிகமுள்ளவருக்கு 14 – 23, உடல் பருமன் உள்ளவருக்கு 11 – 19 என்பது அதே அமைப்பு சொன்ன உத்தேச அளவு. எடை குறைவாகத் தொடங்கி இரட்டையைச் சுமப்பவருக்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை. அவருடைய இலக்கை மருத்துவரே வகுக்க வேண்டும்.

### பி.எம்.ஐ. 23-க்கு மேல் இருந்தால்

நம் மக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தியர்களுக்கு உடல் ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் பலர் 23-க்கு மேல் எடை அதிகம், 25-க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். மேலே உள்ள பட்டியல் அப்படிப் பிரிக்கவில்லை.

155 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் உள்ளவரின் பி.எம்.ஐ. சுமார் 24.1. பட்டியலின்படி இவருக்கு 11.5 – 16 கிலோ. இந்திய அளவுகோலின்படி இவர் எடை அதிகமுள்ளவர் என்பதால் 7 – 11.5 கிலோ. இரண்டும் சந்திக்கும் இடம் 11.5. நீங்கள் இந்த இடத்தில் இருந்தால், முதல் பரிசோதனையிலேயே "எனக்கு எந்த வரிசை?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை 11 கிலோவை ஒட்டிய பாதையில் போவது பாதுகாப்பானது. சர்க்கரைப் பரிசோதனையையும் முதல் வருகையிலேயே செய்துகொள்ளுங்கள். அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

அரசு மருத்துவமனையில் "9 முதல் 11 கிலோ கூடணும்மா" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். கிராம சுகாதார செவிலியர்களுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலில் எல்லோருக்கும் பொதுவாகத் தரப்பட்டுள்ள எண் அது. பி.எம்.ஐ. வாரியான பட்டியல் அதை உங்கள் உடலுக்கு ஏற்பத் துல்லியமாக்குகிறது.

## படி 4: பாதையை வரையுங்கள்

"மொத்தம் 16 கிலோ வரை" என்பது பிரசவ நாளுக்கான எண். ஆறாம் மாதத்தில் நிற்பவருக்கு அது எதையும் சொல்லாது. அதனால்தான் படம் தேவைப்படுகிறது.

1. நோட்டின் அடியில் இடமிருந்து வலமாக 0 முதல் 40 வரை வாரங்களைக் குறியுங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணப்படுகிறது.
2. இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக எடையைக் குறியுங்கள். தொடக்க எடைக்கு 4 கிலோ கீழே ஆரம்பித்து 20 கிலோ மேலே வரை போகட்டும்.
3. 13-ஆம் வாரத்துக்கு நேரே இரண்டு புள்ளி வையுங்கள். ஒன்று தொடக்க எடை + 0.5 கிலோ, மற்றது தொடக்க எடை + 2 கிலோ.
4. 40-ஆம் வாரத்துக்கு நேரே இரண்டு புள்ளி. உங்கள் வரிசையின் சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் தொடக்க எடையுடன் கூட்டி வையுங்கள்.
5. கீழ்ப்புள்ளிகள் இரண்டையும் அளவுகோலால் இணையுங்கள். மேல்புள்ளிகளையும் அப்படியே. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் பாதை.

நம் உதாரணப் பெண்ணுக்கு 13-ஆம் வாரத்தில் புள்ளிகள் 50.5-இலும் 52-இலும் விழும். 40-ஆம் வாரத்தில் 61.5-இலும் 66-இலும் விழும். கோடு போட்டுப் பார்த்தால் 28-ஆம் வாரத்தில் அவர் ஏறக்குறைய 56.5 கிலோவுக்கும் 60 கிலோவுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

## படி 5: ஒரே முறையில் எடை பாருங்கள்

எடை சாப்பாட்டாலும் நீராலும் உடையாலும் ஒரே நாளில் ஒரு கிலோ வரை மாறக்கூடும். வாரத்துக்குக் கூட வேண்டியதோ அரைக் கிலோதான். அளக்கும் முறை மாறினால் உண்மை மறைந்துவிடும்.

1. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில் பாருங்கள். தினமும் பார்த்தால் கவலைதான் கூடும்.
2. காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள்.
3. வெறுங்காலுடன், நைட்டி போன்ற லேசான உடையில் நில்லுங்கள்.
4. மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும். பாயிலோ மிதியடியிலோ வைத்தால் எண் தவறும்.
5. பரிசோதனை நாளன்று காலையில் வீட்டிலும் பாருங்கள், மருத்துவமனையிலும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். படத்தில் வீட்டு மெஷினின் எண்ணை மட்டும் குறியுங்கள்.

குறிப்பு: ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது மெஷின் மாறுகிறது, மருத்துவமனையும் மாறுகிறது. புறப்படும் நாள் காலையில் ஒரு எடை, போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அங்குள்ள மெஷினில் ஒரு எடை எடுங்கள். இடைப்பட்ட வித்தியாசம் பெரும்பாலும் மெஷினுடையதாகவே இருக்கும். நோட்டையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் மெஷின் இல்லையென்றால், அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாதம் ஒருமுறை பார்த்தாலும் இந்தப் படம் வேலை செய்யும்.

## படி 6: படத்தைப் படியுங்கள்

ஒரு புள்ளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு வாரப் புள்ளிகளை இணைத்து, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நம் உதாரணப் பெண்ணின் புள்ளிகளைப் பார்ப்போம்.

12-ஆம் வாரம், 49.2 கிலோ. வாந்தியால் 800 கிராம் குறைந்திருக்கிறார். முதல் மூன்று மாதத்தில் இது வழக்கமானது. தொடக்க எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல், இவருக்கு 2.5 கிலோவுக்கு மேல், இறங்கியிருந்தால் அது சாதாரண மசக்கை அல்ல. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் மிகக் குறைவாகப் போகிறது என்றால் எடையைப் பார்க்காமலே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

16-ஆம் வாரம் 50.6, 20-ஆம் வாரம் 52.2, 24-ஆம் வாரம் 54 கிலோ. மூன்று புள்ளிகளும் கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஆனால் கோட்டுக்கு இணையாக ஏறுகின்றன. கடைசி நான்கு வாரத்தில் 1.8 கிலோ, அதாவது வாரத்துக்கு 450 கிராம். தாமதமாகத் தொடங்கி, சரியான வேகத்தில் போகிறார். இங்கே மாற்ற எதுவும் இல்லை. முதலில் இழந்ததை ஈடுகட்ட அதிகம் சாப்பிட வேண்டியதும் இல்லை.

28-ஆம் வாரம், 54.4 கிலோ. நான்கு வாரத்தில் 400 கிராம் மட்டுமே. கோடு படுத்துவிட்டது. இங்கேதான் காரணம் தேட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குப் பயந்து இவர் இரவுச் சாப்பாட்டை விட்டிருந்தார். பரிசோதனையில் வயிற்றின் உயரமும் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியும் சரியாக இருந்தன. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்தார். ஒரே வேளையாகச் சாப்பிட்டதை இரண்டாகப் பிரித்தார். சாப்பிட்டதும் படுப்பதை நிறுத்தினார். நெஞ்செரிச்சலுக்கு மருத்துவர் மருந்து கொடுத்தார்.

32-ஆம் வாரம் 56.5, 36-ஆம் வாரம் 58.6, 39-ஆம் வாரம் 60 கிலோ. வேகம் திரும்பிவிட்டது. மொத்தம் 10 கிலோ. பட்டியலின் கீழ் எல்லையான 11.5-ஐ இவர் தொடவில்லை. ஆனாலும் குழந்தையின் வளர்ச்சி கடைசிவரை சரியாக இருந்ததால், மருத்துவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. எடைப்படம் எங்கே தேட வேண்டும் என்று காட்டும். குழந்தை வளர்கிறதா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

## கோடு கீழே போனால்

13 வாரத்துக்குப் பின், பி.எம்.ஐ. 30-க்குக் கீழ் தொடங்கியவருக்கு நான்கு வாரத்தில் ஒரு கிலோகூடக் கூடவில்லை என்றால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் செவிலியரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு, வயிற்றுப் பூச்சி, சாப்பாட்டுக் குறைவு என்று காரணங்கள் பல.

சாப்பாடுதான் காரணம் என்றால், வழக்கமான மூன்று வேளையோடு ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் ஆகியவற்றைச் சேருங்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படும் சுமார் 350 கலோரி இதிலேயே வந்துவிடும். அங்கன்வாடியில் உங்களுக்குத் தரும் சத்துமாவை நீங்களே சாப்பிடுங்கள். அது வீட்டில் எல்லோருக்கும் பங்காகிப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தவிர்க்க வேண்டிய தவறு: "நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்து சுகப்பிரசவம் ஆகாது" என்று கடைசி மாதங்களில் சாப்பாட்டைக் குறைப்பது. போதிய எடை கூடாத தாய்க்குக் குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கவும், மாதம் நிறைவதற்கு முன்பே பிறக்கவும் வாய்ப்பு அதிகம்.

## கோடு மெல்ல மேலே போனால்

மாதாமாதம் மேல்கோட்டைத் தாண்டிப் போகிறது என்றால், குழந்தை பெரிதாவதற்கும் சிசேரியனுக்கும் பிரசவத்துக்குப் பின் எடை இறங்காமல் போவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. செய்ய வேண்டியவை:

1. சர்க்கரைப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.
2. சாப்பாட்டின் நடுவில் நுழைபவற்றை மட்டும் மாற்றுங்கள். சர்க்கரை போட்ட டீ, பேக்கரிப் பண்டம், முறுக்கு, ஜூஸ் ஆகியவற்றுக்குப் பதிலாகச் சுண்டல், மோர், பழம்.
3. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, காய், பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின் அளவைக் கூட்டுங்கள்.
4. மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லாதவரை தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

தவிர்க்க வேண்டிய தவறு: கர்ப்பத்தில் எடையைக் குறைக்க முயல்வது. பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருப்பவருக்கும் 5 கிலோவாவது கூட வேண்டும் என்றே பட்டியல் சொல்கிறது. பட்டினி கிடப்பதும், உணவுவகை ஒன்றை முழுதாக விடுவதும், எடை குறைக்கும் பொடியைக் குடிப்பதும் கூடாது.

## கோடு திடீரென எகிறினால்: இது அவசரம்

20 வாரத்துக்குப் பின், ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு மாதத்தில் 3 கிலோவுக்கு மேலோ எடை ஏறினால், அது பெரும்பாலும் சாப்பாட்டால் வந்ததாக இருக்காது. உடலில் நீர் கோத்திருக்கலாம். ரத்த அழுத்தம் உயர்ந்து தாயையும் குழந்தையையும் ஆபத்தில் தள்ளும் நிலையின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். மெஷினை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அன்றே போய் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பாருங்கள்.

எடை ஏற்றத்தோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். எடை ஏறாவிட்டாலும் இவை ஆபத்தான அறிகுறிகளே:

- விடாத தலைவலி
- கண் மங்குவது, கண்முன் பொறி பறப்பது
- மேல்வயிற்றில் கடும் வலி
- காலையில் எழும்போதே முகமும் கைகளும் வீங்கியிருப்பது
- வலிப்பு, மூச்சுத் திணறல்

மாலையில் காலில் மட்டும் வீக்கம் வந்து, இரவு தூங்கி எழுந்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. மற்ற வீக்கங்களுக்கு "பார்லித் தண்ணி குடிச்சா நீர் இறங்கிடும்" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். பார்லித் தண்ணீர் ரத்த அழுத்தத்தைக் குறைக்காது.

கடைசி இரண்டு மூன்று வாரத்தில் எடை அப்படியே நிற்பது சகஜம். ஆனால் எடை எப்படி இருந்தாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## ஒவ்வொரு பரிசோதனையிலும் கேட்க வேண்டியவை

1. சென்ற முறையிலிருந்து கூடிய எடை என் வரிசைக்குப் பொருந்துகிறதா?
2. வயிற்றின் உயரம் வாரத்துக்கு ஏற்ப இருக்கிறதா?
3. இன்றைய ரத்த அழுத்தம் எவ்வளவு? சிறுநீரில் புரதம் இருக்கிறதா?

பதில்களை அந்த வாரப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பிரசவம் முடிந்ததும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, அன்றைய எடையில் பி.எம்.ஐ.யை மறுபடி கணக்கிட்டு, படி 1-இலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். இந்தக் கர்ப்பத்தில் ஏறிய எடை முழுதும் இறங்காமல் இருந்தால், நீங்கள் அட்டவணையின் அடுத்த வரிசைக்குப் போயிருக்கலாம். அப்போது பழைய இலக்கு உங்களுக்குப் பொருந்தாது.